ஒரு எலக்ட்ரான் வோல்ட்டுக்கு ஒரு சென்டிமீட்டர்

கேள்வி: ஹைட்ரஜன் அணுவின் ஆற்றல் மட்டப் படத்தை ஏணி மாதிரி சமமாக இடம் விட்டு வரைந்தேன். தவறு என்று சுழித்துவிட்டார்கள். இன்னொரு சந்தேகமும் உண்டு. மேலே போன எலக்ட்ரான் கடைசியில் முதல் மட்டத்துக்குத்தானே இறங்க வேண்டும்? கண்ணுக்குத் தெரியும் வரிகள் மட்டும் ஏன் இரண்டாம் மட்டத்தோடு நின்றுவிடுகின்றன?
– பிளஸ் டூ மாணவி, கெங்கவல்லி

பதில்: நீங்கள் கேட்டவை இரண்டு கேள்விகள் என்று நினைக்கிறீர்கள். உண்மையில் ஒன்றுதான். முதல் தவறைத் திருத்தினால் இரண்டாவது சந்தேகத்துக்குப் படமே பதில் சொல்லிவிடும்.

ஏணிப் படத்துக்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். பக்கத்தில் அடக்குவதற்காகச் சில கையேடுகளே அப்படித்தான் போடுகின்றன. ஆனால் படிகள் நிஜமாகவே சமமாக இருந்திருந்தால் என்ன ஆகும்? ஒரு படி இறங்கும் எலக்ட்ரான் எந்த இடத்தில் இறங்கினாலும் ஒரே நிற ஒளியைத்தான் தந்திருக்கும். ஹைட்ரஜன் குழாயின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் சிவப்பு, நீலப்பச்சை, ஊதா என்று இடைவெளிகள் குறைந்துகொண்டே போகும் வரிகள் தெரிகின்றன. அந்தக் குறுகல் மட்டங்களிலும் இருந்தாக வேண்டும்.

உங்கள் ஊர்ப் பக்கத்துக் கிணறு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதைத் தரைமட்டத்திலிருந்து கீழ்நோக்கித்தானே சொல்வோம்? அணுவிலும் அப்படித்தான். அணுவை விட்டு முழுதாக விடுபட்ட எலக்ட்ரானுக்கு ஆற்றல் பூஜ்யம், அதுதான் தரைமட்டம். உள்ளே மாட்டிக்கொண்டது தரைக்குக் கீழே இருப்பதால்தான் மைனஸ் குறி. ஆழத்தை எலக்ட்ரான் வோல்ட்டில் சொல்வார்கள். ஒரு எலக்ட்ரான் ஒரு வோல்ட் மின்னழுத்த வேறுபாட்டைக் கடக்கும்போது பெறும் ஆற்றல் அது. கிணற்றின் அடி, அதாவது முதல் மட்டம், 13.6 எலக்ட்ரான் வோல்ட் ஆழத்தில் இருக்கிறது. மற்ற மட்டங்களுக்கு 13.6-ஐ மட்டத்தின் எண்ணின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். இரண்டாவதற்கு நாலால் வகுத்தால் 3.4. மூன்றாவதற்கு ஒன்பதால் வகுத்தால் 1.51. அடுத்தவை 0.85, 0.54, 0.38.

இனி ஸ்கேலை எடுங்கள். ஒரு எலக்ட்ரான் வோல்ட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் படம் முழுவதும் 13.6 செ.மீ.; நோட்டுப் பக்கத்தில் தாராளமாக அடங்கும். உச்சியில் ஒரு கோடு போட்டு 0 என்று எழுதுங்கள். அதிலிருந்து 13.6 செ.மீ. கீழே முதல் மட்டம், 3.4 செ.மீ. கீழே இரண்டாம் மட்டம், 1.5 செ.மீ. கீழே மூன்றாம் மட்டம். பார்த்தாலே திகைப்பாக இருக்கும். அடியிலிருந்து முதல் படிக்கே பத்து சென்டிமீட்டர் ஏற வேண்டும், மீதிப் படிகளெல்லாம் கிணற்று வாயில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. பென்சிலை நன்றாகச் சீவிக்கொள்ளுங்கள். அதற்கு மேலே உள்ளவற்றைக் கோடாக வரைய முடியாது, லேசாகத் தீற்றி விட்டால் போதும்.

இந்த அளவில் வரைவதால் ஒரு வசதி உண்டு. எலக்ட்ரான் இறங்குவதைக் காட்டும் அம்பின் நீளம் எத்தனை சென்டிமீட்டரோ, வெளிவரும் ஒளித்துகளின் ஆற்றல் அத்தனை எலக்ட்ரான் வோல்ட். இங்கே இன்னொரு தவறான எண்ணத்தையும் தள்ளிவிடலாம். பெரிய குதிப்பு என்றால் பிரகாசமான ஒளி என்று பலர் நினைக்கிறார்கள். குதிப்பின் நீளம் தீர்மானிப்பது நிறத்தை. பிரகாசம் என்பது எத்தனை அணுக்கள் அந்தக் குதிப்பைச் செய்கின்றன என்பதைப் பொறுத்தது.

நம் கண்ணுக்குத் தெரிவது ஏறக்குறைய 1.65 முதல் 3.25 எலக்ட்ரான் வோல்ட் வரையுள்ள ஒளி மட்டுமே. ஆகவே ஒரு காகிதத் துண்டின் ஓரத்தில் 1.65 செ.மீ., 3.25 செ.மீ. என்று இரண்டு அடையாளம் போட்டு, ஒவ்வொரு அம்பாக வைத்துப் பாருங்கள். முதல் மட்டத்தில் முடியும் அம்புகளில் மிகக் குட்டையானதே 10.2 செ.மீ.; எல்லாமே துண்டைத் தாண்டிப் போய்விடும். அவை புற ஊதா ஒளி, லைமன் வரிசை என்று பெயர். மூன்றாம் மட்டத்தில் முடிபவற்றில் மிக நீளமானதே 1.51 செ.மீ.தான், ஒரு மில்லிமீட்டர் சொச்சத்தில் தவறிவிடுகிறது. அவை அகச்சிவப்பு, பாஷன் வரிசை. நான்காவதிலும் அதற்கு மேலும் முடிபவை இன்னும் குட்டை. மிஞ்சுவது இரண்டாம் மட்டம் ஒன்றுதான். 3-இலிருந்து 1.89, 4-இலிருந்து 2.55, 5-இலிருந்து 2.86, 6-இலிருந்து 3.02. நான்கும் துண்டுக்குள் வந்து உட்காருகின்றன.

அலைநீளம் வேண்டுமென்றால் 1240-ஐ அம்பின் நீளத்தால் வகுங்கள். விடை நானோமீட்டரில் வரும். ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு நானோமீட்டர். 1.89-க்கு 656, சிவப்பு. 2.55-க்கு 486, நீலப்பச்சை. அடுத்தவை 434, 410, இரண்டுமே ஊதா. அளந்து கண்ட வரிகளும் இவையேதான். இந்த நாலு எண்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு 1885-இல் சூத்திரம் கண்டவர், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த பாமர். வரிசைக்கு அவர் பெயர்தான். மட்டங்கள் என்ற விளக்கத்தை போர் தந்தது 1913-இல்.

பாமர் வரிசை முழுவதும் கண்ணுக்குத் தெரியும் என்று மட்டும் பரீட்சையில் எழுதிவிடாதீர்கள். ஏழாவதிலிருந்து வரும் அம்பு 3.12 செ.மீ. கணக்குப்படி துண்டுக்குள் இருந்தாலும் 397 நானோமீட்டரில் கண் மங்கிவிடும். 410-ஐயே சிரமப்பட்டுத்தான் பார்க்க வேண்டும். தரைமட்டத்திலிருந்து இறங்கும் கடைசி அம்பு 3.4 செ.மீ., அது புற ஊதாவுக்குள் போய்விட்டது.

இனி உங்கள் இரண்டாவது சந்தேகம். இரண்டாம் மட்டத்துக்கு வந்த எலக்ட்ரான் அங்கேயே நின்றுவிடுவதில்லை; முதல் மட்டத்துக்குத்தான் போய்ச் சேருகிறது. ஆனால் அந்தக் கடைசி 10.2 செ.மீ. இறக்கத்தில் வருவது 122 நானோமீட்டர் புற ஊதா ஒளி. சிவப்பு ஒளித்துகள் ஒன்றைத் தந்த அணு, பெரும்பாலும் அடுத்த கணமே நாம் பார்க்க முடியாத இன்னொன்றையும் தந்துவிடுகிறது.

படத்தில் மதிப்பெண் போகும் இடம் அம்பின் முனை. ஒளி வெளிவந்தால் முனை கீழே. ஒளியை விழுங்கி எலக்ட்ரான் ஏறினால் முனை மேலே. அப்போது நிறமாலையில் கிடைப்பது கறுப்பு வரி. மேல் அம்புகள் நெருக்கமாக வந்து குழப்பினால், 3.4-க்கு மேலுள்ள பகுதியை மட்டும் பக்கத்தில் ஐந்து மடங்காகப் பெரிதாக்கி, அளவைக் குறித்து வரையுங்கள். பதினேழு செ.மீ. உயரத்தில் நான்கும் தெளிவாகத் தெரியும்.

3-இலிருந்து 2-க்கு வரும் அம்பைச் சிவப்புப் பென்சிலால் போடுங்கள். அதற்கு ஹைட்ரஜன் ஆல்ஃபா என்று பெயர். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் அந்த ஒரே வரியின் ஒளியில் சூரியனைப் படமெடுக்கத் தொடங்கியது 1912-இல், போர் தன் விளக்கத்தை வெளியிடுவதற்கு ஓராண்டு முன்பு.