கடன் முடிந்தது, பிடித்தம் நிற்கவில்லை

கேள்வி: பைக் கடனைப் போன மாதமே மொத்தமாகக் கட்டி, ஃபைனான்ஸ் கம்பெனியிடம் என்.ஓ.சி.யும் வாங்கிவிட்டேன். ஆனாலும் இந்த மாதம் 5-ஆம் தேதி என் கணக்கிலிருந்து தவணை 3,150 ரூபாயை எடுத்துவிட்டார்கள். வங்கிக் கிளையில் கேட்டால், “கம்பெனியிலே போய்ச் சொல்லுங்க” என்கிறார்கள். வங்கியால் நிறுத்த முடியாதா?
– வாசகர், பாபநாசம்

பதில்: முடியும். கடன் வாங்கும்போது நீங்கள் கையெழுத்துப் போட்டது ‘நாச்’ மேண்டேட். பழக்கத்தில் இன்னும் ஈ.சி.எஸ். என்போம். அந்தப் படிவத்தின் கீழே பொடி எழுத்தில் ஓர் உறுதிமொழி இருக்கும்: ரத்து செய்ய வேண்டுமானால் பணம் எடுக்கும் நிறுவனத்திடமோ, கணக்கு உள்ள வங்கியிடமோ தெரிவிக்கலாம் என்று. ஆக, கம்பெனிக்குத்தான் போக வேண்டும் என்று உங்களைத் திருப்பி அனுப்ப வங்கிக்கு இடமில்லை.

வாய்வார்த்தை வேண்டாம், கடிதம் கொடுங்கள். கணக்கு எண், கம்பெனியின் பெயர், தவணைத் தொகை, பிடிக்கும் தேதி, மேண்டேட்டின் UMRN ஆகியவை அதில் இருக்கட்டும். UMRN 20 எழுத்தும் எண்ணும் கொண்டது. வங்கிச் செயலியில் மேண்டேட் பகுதியில் பார்க்கலாம், இல்லாவிட்டால் கிளையிலேயே கேட்டு வாங்கலாம். என்.ஓ.சி. நகலையும் இணையுங்கள்.

வாசகத்தில் ஒரு கவனம் தேவை. ‘பிடித்தத்தை நிறுத்தவும்’ என்று மட்டும் எழுதினால் ஒரு மாதத் தவணையை நிறுத்திவிட்டு, மேண்டேட்டை உயிரோடு விட்டுவிடுவார்கள். அடுத்த 5-ஆம் தேதி பழைய கதைதான். இப்படி எழுதுங்கள்: “மேற்படி மேண்டேட்டை முழுமையாக ரத்து செய்யவும். இனி இதன்பேரில் வரும் எந்தக் கோரிக்கையையும் ஏற்க வேண்டாம். ரத்தான தேதியை UMRN குறிப்பிட்டு எழுத்தில் உறுதி செய்யவும்.”

அடுத்த பிடித்தத்துக்குச் சில நாள் முன்பே கொடுத்து, நகலில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள். மறுத்தால் அதே கடிதத்தை வங்கியின் குறைதீர்ப்பு மின்னஞ்சலுக்கு அனுப்பி, புகார் எண் பெறுங்கள். அந்தத் தேதிதான் உங்கள் வழக்கின் உயிர். அதற்கு முன் போன 3,150 ரூபாயைக் கம்பெனியிடம் கேட்க வேண்டும். வங்கி அப்போதிருந்த உத்தரவுப்படிதான் கொடுத்தது. கடிதம் கிடைத்து, ரத்து செய்யப் போதிய நாள் இருந்தும் மறுபடி பணம் போனால், அதற்கு வங்கி பதில் சொல்ல வேண்டும். கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பி, அதற்கு அபராதம் போட்டாலும் அப்படியே.

30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். திருநெல்வேலி நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. ஆனால் இந்தத் தொகைக்கு முதல் வழியே போதும்.

இதைப் படித்துவிட்டு, கடன் பாக்கி உள்ளவர்கள் மேண்டேட்டை ரத்து செய்யக் கிளம்ப வேண்டாம். மேண்டேட் போனாலும் கடன் போகாது. கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பினால், கட்டணம் மற்றும் தீர்வு முறைமைகள் சட்டம் 2007-இன் 25-ஆம் பிரிவில், செக் திரும்பிய வழக்கைப் போலவே இரண்டாண்டு வரை சிறைக்கு இடமுண்டு. உங்களுக்கு அந்தப் பயம் இல்லை: தீர்க்க வேண்டிய கடன் இருந்தால்தான் அந்தப் பிரிவு பொருந்தும், உங்கள் கையில் என்.ஓ.சி. இருக்கிறது.