வந்தவர் மாமாவா, நண்பரா?

தொடரியல் படிக்கும் மாணவர்கள் ஆண்டுதோறும் என்னிடம் கேட்கும் கேள்வி இது: "மர வரைபடம் போடத் தெரிகிறது. எந்தச் சொற்கள் ஒரே கிளையில் சேரும் என்பதுதான் பிடிபடவில்லை. ஒரு சோதனை சேரும் என்கிறது, அடுத்தது சேராது என்கிறது. எதை நம்புவது?"

சிக்கல் பெரும்பாலும் சோதனையில் இல்லை, அதைத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: "நேற்று வந்த மாமாவின் நண்பர் ஊருக்குப் போய்விட்டார்." நேற்று வந்தவர் யார்? மாமா என்றும் கொள்ளலாம், நண்பர் என்றும் கொள்ளலாம். சொற்கள் மாறவில்லை, வரிசையும் மாறவில்லை. எந்தச் சொல் எதோடு கூடுகிறது என்பதுதான் மாறுகிறது. ஆகவே முதல் வேலை, எந்தப் பொருளைச் சோதிக்கிறீர்கள் என்று தாளின் ஓரத்தில் எழுதிவைப்பது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அந்தப் பொருள் அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள். வாக்கியம் காதுக்கு நன்றாக இருந்தால் மட்டும் போதாது.

பதிலிடுதலில் தொடங்கலாம். வந்தவர் மாமா என்று வைத்துக்கொள்ளுங்கள். "நேற்று வந்த மாமாவின்" என்ற மூன்று சொற்களையும் எடுத்துவிட்டு "அவருடைய" என்று போட்டால், "அவருடைய நண்பர் ஊருக்குப் போய்விட்டார்" என்று வருகிறது. பொருள் கெடவில்லை. ஆக, "நேற்று வந்த மாமா" ஒரு தொடர். வந்தவர் நண்பர் என்றால் இப்படிச் செய்ய முடியாது. "நேற்று வந்த" என்பது நண்பருக்கு உரியது, அதையும் சேர்த்து விழுங்கிவிடுகிறோம். அங்கே "மாமாவின்" என்ற ஒரு சொல்லை மட்டும் மாற்ற வேண்டும்: "நேற்று வந்த அவருடைய நண்பர்." இதைக் கேட்பவர் வந்தவர் நண்பர் என்றே எடுத்துக்கொள்வார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நாளிதழ்களில் "சென்னை வந்த அவர் செய்தியாளர்களைச் சந்தித்தார்" என்று எழுதுகிறார்கள். அங்கே "சென்னை வந்த" என்பது இன்னார் என்று சுட்டிக்காட்டவில்லை, ஏற்கெனவே தெரிந்த ஆளைப் பற்றிக் கூடுதலாக ஒரு செய்தி சொல்கிறது. அதனால் பெயரெச்சத்துக்குப் பிறகு "அவர்" வரவே வராது என்று விதி எழுதிவிடாதீர்கள். இந்தச் சோதனையின் முடிவை இன்னொன்றோடு ஒப்பிட்டுத்தான் ஏற்க வேண்டும்.

அந்த இன்னொன்று இடம்பெயர்த்தல். "மாமாவின்" என்பதை மட்டும் முன்னால் நகர்த்துங்கள்: "மாமாவின் நேற்று வந்த நண்பர்." இப்போது மாமா வந்தார் என்ற பொருள் அடியோடு போய்விட்டது. அந்தப் பொருளில் "மாமாவின்" தனித்து நகராது, "நேற்று வந்த" என்பதையும் கையோடு கூட்டிக்கொண்டுதான் போகும். என் அனுபவத்தில் இந்த வாக்கியத்துக்குத் தெளிவான தீர்ப்பு தருவது இதுதான்.

மூன்றாவது, இணைத்தல். சாம்ஸ்கி 1957இல் வெளிவந்த தம் நூலிலேயே தொடர் எல்லை காண இதை ஓர் அளவுகோலாகக் காட்டினார். ஆங்கிலத்தில் தனிச்சொல் இணைக்கிறது. தமிழில் "உம்" ஒவ்வோர் உறுப்பின் கடைசியிலும் ஒட்டுகிறது. "நேற்று வந்த மாமாவின் நண்பரும் அத்தையின் தோழியும் ஊருக்குப் போய்விட்டார்கள்" என்ற வாக்கியத்தில் நண்பர், தோழி இருவருமே நேற்று வந்தவர்கள் என்று கொள்ள முடிகிறதா? முடிந்தால் "மாமாவின் நண்பர்" தனக்குள் முழுமையான ஒரு தொடர். "நேற்று வந்த" அதற்கு வெளியே நிற்கிறது.

ஆனால் "உம்" ஏமாற்றும். "அம்மா அக்காவுக்குப் புடவையும் தம்பிக்குச் சட்டையும் வாங்கினாள்" என்று நாம் தினமும் பேசுகிறோம். இதைப் பார்த்து "அக்காவுக்குப் புடவை" ஒரு தொடர் என்று கிளை வரைந்த விடைத்தாள்கள் பலவற்றைத் திருத்தியிருக்கிறேன். பதிலிட்டுப் பாருங்கள்: "அவளுக்கு" என்பது அக்காவை மட்டும் குறிக்கும், "அது" புடவையை மட்டும் குறிக்கும், இரண்டுக்கும் சேர்த்து ஒரு சொல் கிடையாது. "அக்காவுக்கு அம்மா புடவை வாங்கினாள்" என்று நடுவில் எழுவாயே வந்து உட்காரவும் முடிகிறது. இவை ஒரே வினையைப் பகிர்ந்துகொள்ளும் இரு தனி உறுப்புகள்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. "நேற்று வந்த" என்பது ஐயமில்லாமல் ஓர் அலகு. ஆனாலும் அதை வாக்கியக் கடைசிக்கு நகர்த்த முடியாது, "வந்தவும்" என்று "உம்" ஒட்டவும் முடியாது. பெயரெச்சம் தன் பெயரை விட்டு விலகாது என்பதே காரணம். சோதனையில் தோற்றதால் அது தொடர் இல்லை என்று ஆகாது. வென்றால் அது சான்று. தோற்றால் ஏன் தோற்றது என்று தேட வேண்டும்.

"புதிய ஆசிரியரின் வீடு" என்ற தொடரை இன்று குறிப்பேட்டில் எழுதி, புதியது எது என்பதற்கு இரண்டு பொருளையும் பக்கத்தில் குறித்து, மேலே சொன்ன மூன்றையும் செய்து பாருங்கள். "ஆசிரியரின்" என்ற சொல்லை முன்னால் நகர்த்துவதிலிருந்து தொடங்குங்கள்.