மின்னஞ்சலில் நிறுத்தக்குறிகள்

பேச்சில் குரல் செய்யும் பணியை எழுத்தில் நிறுத்தக்குறிகள் செய்கின்றன. நேரில் பேசும்போது கேட்பவர் முகத்தைப் பார்த்து, ஐயம் எழுந்தால் உடனே விளக்கிவிடலாம். மின்னஞ்சலைப் படிப்பவரோ தாம் கொண்ட பொருளையே உறுதியென நம்பிச் செயல்படத் தொடங்கிவிடுவார்.

ஒரு பள்ளித் தமிழ்மன்றச் செயலர், நூலகருக்கு இவ்வாறு எழுதுகிறார் எனக் கொள்வோம்:

"சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பள்ளியிலிருந்து புறப்பட்டு நூலகம் வந்து சேர்வோம்."

பள்ளிக்கும் நூலகத்திற்கும் இடையே ஒரு மணிநேரப் பயணம். 10 மணி என்பது புறப்படும் நேரமா, சேரும் நேரமா? 'மணிக்கு' என்னும் சொல் 'புறப்பட்டு' என்னும் வினையெச்சத்தோடும் இயையும். 'சேர்வோம்' என்னும் வினைமுற்றோடும் இயையும். நூலகர் பின்னதைக் கொண்டால், 10 மணிக்கே அரங்கைத் திறந்துவைத்துக் காத்திருப்பார்.

புறப்படும் நேரமே கருத்தானால், வினையெச்சத்திற்குப் பின் காற்புள்ளி இடலாம்: "காலை 10 மணிக்குப் பள்ளியிலிருந்து புறப்பட்டு, நூலகம் வந்து சேர்வோம்." சேரும் நேரம் கருத்தானால், "காலை 10 மணிக்கு, பள்ளியிலிருந்து புறப்பட்டு, நூலகம் வந்து சேர்வோம்" எனலாம். இவ்விரண்டாம் தொடரில் 'மணிக்குப்' என்பதன் ஒற்று மறைந்திருப்பதைக் கவனிக்க. புணர்ச்சி என்பது இரு சொற்களை இடையீடின்றிச் சேர்த்து ஒலிப்பதால் விளைவது; காற்புள்ளியோ நிறுத்தி ஒலிக்கச் சொல்வது. எனவே, காற்புள்ளி வரும் இடத்தில் வல்லினம் மிகாது. 'மணிக்குப், பள்ளியிலிருந்து' என எழுதுவது, சேர்த்துப் படி என்றும் நிறுத்திப் படி என்றும் ஒரே இடத்தில் கூறுவதாகும். மின்னஞ்சல்களில் இப்பிழை காணப்படுவதுண்டு. எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தால் இப்பிழை தானே புலப்படும்.

ஆயினும், இரண்டாம் தொடரின் தெளிவு முழுமையானதன்று. விரைந்து படிப்பவர் அச்சிறு புள்ளியைக் காணாமற் போகலாம். அங்குச் சொற்களை இடம் மாற்றுவதே சிறந்தது: "பள்ளியிலிருந்து புறப்பட்டு, காலை 10 மணிக்கு நூலகம் வந்து சேர்வோம்." குறியால் தாங்க இயலாத சுமையைச் சொல்வரிசைதான் தாங்க வேண்டும்.

பெயரெச்சத்திலும் இத்தகைய மயக்கம் உண்டு. "மதுரையிலிருந்து வந்த ஆசிரியரின் நண்பர் உடன் வருவார்" என்பதில் மதுரையிலிருந்து வந்தவர் ஆசிரியரா, நண்பரா? நண்பரே எனில், "மதுரையிலிருந்து வந்த, ஆசிரியரின் நண்பர்" எனக் காற்புள்ளி இட்டால், 'வந்த' என்னும் எச்சம் ஆசிரியரைத் தாண்டிச் சென்று நண்பரைத் தழுவும்.

இனி அரைப்புள்ளி. வினைமுற்றுகள் பல அடுத்தடுத்து வந்து ஒரே செய்தியைக் கூறும்போது அது பயன்படும். "வண்டிக்கு ஏற்பாடு செய்துவிட்டோம்; தலைமையாசிரியரின் ஒப்புதல் கிடைத்துள்ளது; தங்கள் இசைவை வேண்டுகிறோம்." இங்குக் காற்புள்ளி இட்டால், முடிந்த தொடர் முடியாததுபோல் தோன்றும். முற்றுப்புள்ளி இடுவது பிழையன்று. ஆனால், ஓசை தந்திபோல் துண்டுபடும். பட்டியலிலும் அரைப்புள்ளிக்கு இடமுண்டு: "பதினோராம் வகுப்பு, 8 பேர்; பன்னிரண்டாம் வகுப்பு, 12 பேர்; ஆசிரியர்கள், இருவர்." எந்த எண் எந்த வகுப்பிற்குரியது என்னும் ஐயம் இங்கு எழாது.

இடைக்கோட்டைச் சிக்கனமாகவே கையாள வேண்டும். தமிழில் வினை இறுதியில் வருவதால், இடையே நுழையும் தொடர் நீண்டால், படிப்பவர் எழுவாயை மறந்துவிடுவார். "சுவடிப் பிரிவையும் – தாங்கள் இசைந்தால் – பார்வையிட விரும்புகிறோம்" என்னும் அளவே போதும். கோட்டின் இருபுறமும் இடைவெளி விடுக. இல்லையேல் கைப்பேசித் திரையில் அது இரு சொற்களை இணைக்கும் சிறுகோடுபோல் தோன்றும். நாள்களுக்கிடையே கோடு இடுவதைத் தவிர்ப்பது நன்று. "வருகை: 7-8" என்பதை 7, 8 ஆகிய இரு நாள்கள் எனவும் கொள்ளலாம், ஆகஸ்டு 7 எனவும் கொள்ளலாம்.

திருத்திய மின்னஞ்சல் பின்வருமாறு அமையும்:

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தமிழ்மன்ற மாணவர்கள் 20 பேரும் ஆசிரியர்கள் இருவரும், ஆகஸ்டு 7 அன்று தங்கள் நூலகத்தைக் காண விரும்புகிறோம். பள்ளியிலிருந்து 10 மணிக்குப் புறப்பட்டு, 11 மணிக்கு வந்து சேர்வோம். சுவடிப் பிரிவையும் – தாங்கள் இசைந்தால் – பார்வையிடுவோம். வண்டிக்கு ஏற்பாடு செய்துவிட்டோம். தலைமையாசிரியரின் ஒப்புதல் கிடைத்துள்ளது. தங்கள் இசைவை வேண்டுகிறோம்.

'மாணவர்கள் 20 பேரும் ஆசிரியர்கள் இருவரும்' என்பதன் இடையே காற்புள்ளி இல்லை. எண்ணும்மையே அப்பணியைச் செய்துவிடுகிறது.

கற்பவை கற்றபின்

"நேற்று அனுப்பிய படிவம் கிடைத்ததாக அலுவலர் கூறினார்" – இத்தொடரில் 'நேற்று' என்பது இயையக்கூடிய வினைகளைக் கண்டறிந்து, ஒவ்வொரு பொருளுக்கும் ஏற்பக் காற்புள்ளியிட்டோ சொல்வரிசையை மாற்றியோ எழுதுக.