நாடகம் எத்தனை நிமிடம்?

உங்கள் ஊரில் வீதி நாடகம் பார்த்திருக்கிறீர்களா? கேரளத்தில் கலாஜாதா என்று ஒன்று உண்டு. பாட்டு, நாடகம், பேச்சு எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஒரு குழு ஊர் ஊராகப் போகும். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் தன் முதல் கலாஜாதாவை 1980-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கியது. அது நவம்பர் 7-ஆம் தேதி வரை, 37 நாட்கள் நடந்தது. 1990-இல் அதேபோன்ற ஜாதாக்கள் எழுத்தறிவுக்காக நாடு முழுவதும் போயின. 1991 ஏப்ரல் 18-ஆம் தேதி கேரளம் முழு எழுத்தறிவு மாநிலமாக அறிவிக்கப்பட்டது.

இப்படிப்பட்ட குழு ஒரே ஊரில் தங்காது. ஒரு நாளில் மூன்று, நான்கு இடங்களில் நாடகம் போடும். ஓர் இடத்தில் நாடகம் நீண்டால் அடுத்த இடத்துக்குப் போக நேரமாகும். கடைசி இடத்தில்தான் அதன் முழுப் பாரமும் விழும். அங்கே வேலை முடித்து வந்த பெண்கள் காத்திருப்பார்கள். கடைசி பஸ் வந்ததும் பாதியில் எழுந்து போய்விடுவார்கள். நாடகம் சொல்ல வந்த செய்தியோ கடைசிக் காட்சியில் இருக்கும்!

ஆகவே நாடகம் எழுதும்போதே நேரத்தைக் கணக்கிட வேண்டும். எப்படி என்று பார்ப்போம். சித்தூர் தாலுகாவில் சுற்றும் ஒரு குழுவை உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஓர் இடத்தில் நாடகத்துக்கு 30 நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

முதல் படி: சொற்களை எண்ணுவது

நாடகம் 14 பக்கம் இருக்கிறது. எல்லாச் சொற்களையும் எண்ண வேண்டியதில்லை. ஏதாவது ஐந்து வரிகளில் எத்தனை சொற்கள் என்று எண்ணுங்கள். 30 சொற்கள் இருந்தால் ஒரு வரிக்கு 6 சொற்கள். ஒரு பக்கத்தில் 20 வரிகள்.

6 × 20 = 120 சொற்கள், ஒரு பக்கத்துக்கு.
120 × 14 = 1,680 சொற்கள், நாடகம் முழுவதற்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். "1,750 ரூபாய்" என்று தாளில் எழுதினால் இரண்டு சொல்தான். வாயால் சொல்லும்போது "ஆயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய்" என்று நான்கு சொல் ஆகிறது. எண்களை வாயால் சொல்வதுபோலவே எழுதிக்கொண்டு எண்ணுங்கள்.

இரண்டாம் படி: பேசும் வேகம்

ஒரு நிமிடத்தில் எத்தனை சொற்கள் பேசுகிறோம்? இதுதான் பேசும் வேகம். கைக்கடிகாரமோ கைப்பேசியோ இருந்தால் போதும். ஒருவர் நாடகத்தை உரக்கப் படிக்கட்டும். மனத்துக்குள் படிக்கக் கூடாது. மனத்துக்குள் படிப்பது எப்போதும் வேகமாகவே போகும். சரியாக ஒரு நிமிடம் ஆனதும் நிறுத்துங்கள். படித்த சொற்களை எண்ணுங்கள். இப்படி நாடகத்தின் மூன்று இடங்களில் செய்யுங்கள்.

நம் குழுவுக்குக் கிடைத்தவை 80, 86, 86. கூட்டினால் 252. மூன்றால் வகுத்தால் 84. இதுதான் அவர்களுடைய வேகம்.

வேறு மொழிக்காரர் சொல்லும் கணக்கை நாம் கடன் வாங்கக் கூடாது. தமிழில் சொற்கள் நீளம். "வந்துகொண்டிருக்கிறார்கள்" என்பது ஒரே சொல். அதையே ஆங்கிலத்தில் சொல்ல மூன்று சொல் வேண்டும். ஆகவே ஒரு நிமிடத்தில் நாம் பேசும் சொற்களின் எண்ணிக்கை ஆங்கிலத்தில் பேசுவோரைவிடக் குறைவாகவே இருக்கும். நம் வாய், நம் நாடகம், நம் அளவு.

இப்போது வகுத்துப் பாருங்கள்.

1,680 ÷ 84 = 20 நிமிடம்.

நாடகத்தில் இரண்டு பாட்டுகள் இருக்கின்றன. பாட்டுக்குச் சொற்கணக்கு உதவாது. ஒரே வரியை நான்கு முறை பாடுவார்கள், இழுத்தும் பாடுவார்கள். பாட்டைப் பாடித்தான் அளக்க வேண்டும். பாடிப் பார்த்தார்கள். இரண்டுக்கும் சேர்த்து 6 நிமிடம். ஆக 26 நிமிடம். "முப்பதுக்குள் அடங்கிவிட்டது" என்று குழு மகிழ்ந்தது. ஆனால் வேலை இன்னும் முடியவில்லை.

மூன்றாம் படி: ஒத்திகை

ஒத்திகையை மூன்று விதமாகச் செய்ய வேண்டும். முதலில் உட்கார்ந்து படிக்க வேண்டும். அடுத்து எழுந்து நின்று நடிக்க வேண்டும். கடைசியாகப் பறை, பாட்டு, பொருட்கள் எல்லாவற்றோடும் திறந்த வெளியில் முழுதாக நடத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒருவர் நடிக்காமல் கடிகாரத்தை மட்டும் பார்க்க வேண்டும். நடுவில் தவறு வந்தாலும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அளவு கெட்டுவிடும்.

நம் குழு முழு ஒத்திகையை மூன்று முறை நடத்தியது. 28, 30, 29 நிமிடம் ஆயிற்று. குழுவில் நடிக்கும் பெண் கடிகாரம் பார்த்தவரிடம் கேட்டார்:

"ஏனுங்க அக்கா, உக்காந்து படிச்சப்ப இருபது நிமிஷந்தானே ஆச்சு? பாட்டோட சேத்தாலும் இருபத்தாறுதானே வரோணும்?"

"படிக்கறப்ப நீ குடத்த எடுத்துட்டு கெணத்துக்கு நடக்கல கண்ணு. இப்ப நடக்கறே. தண்ணி எறைக்கறே. அதிகாரியா வர்றவரு உள்ள வர்ற வரைக்கும் எல்லாரும் பாத்துட்டு நிக்கறீங்க. அதுக்கெல்லாம் நேரம் போகுதல்லோ!"

அக்கா சொன்னது சரி. நடப்பது, நிற்பது, திரும்பிப் பார்ப்பது எதுவும் தாளில் சொல்லாக இருக்காது. திறந்த வெளியில் பின்வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திப் பேசுவோம். அதனாலும் நேரம் கூடும்.

மூன்று அளவுகளில் எதை எடுப்பது? இங்கே சராசரி வேண்டாம். மிக நீண்டதை எடுங்கள். அது 30 நிமிடம். அதில் பாட்டு 6 நிமிடம். மீதி 24 நிமிடத்தில் 1,680 சொற்கள்.

1,680 ÷ 24 = 70.

படிக்கும்போது 84 ஆக இருந்த வேகம் நடிக்கும்போது 70 ஆகிவிட்டது. இனி இந்தக் குழு எந்த நாடகம் எழுதினாலும் 70 என்ற அளவை வைத்துத்தான் தொடங்க வேண்டும்.

நான்காம் படி: மிச்ச நேரம்

ஒதுக்கிய நேரம் 30. நாடகமும் 30. சரியாகத்தானே இருக்கிறது? இல்லை. மக்கள் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கும்வரை அடுத்த வசனம் சொல்ல முடியாது. மைக் நின்றுபோகும். லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போகும். ஒத்திகையில் இவை எதுவும் இல்லை. ஆகவே கொஞ்சம் நேரத்தை மிச்சம் வைக்க வேண்டும். ஆறு நிமிடத்துக்கு ஒரு நிமிடம் என்று இந்தக் குழு முடிவு செய்தது. 30 நிமிடத்துக்கு 5 நிமிடம். அப்படியானால் நாடகம் 25 நிமிடத்தில் முடிய வேண்டும். 5 நிமிடத்தைக் குறைக்க வேண்டும்.

5 × 70 = 350 சொற்கள். ஏறக்குறைய மூன்று பக்கம்.

வேகமாகப் பேசிக் குறைக்கலாமே என்று தோன்றும். அது வேண்டாம். வேகமாகப் பேசினால் பின்னால் நிற்பவருக்குப் புரியாது. அங்கங்கே ஒரு சொல்லாக வெட்டினாலும் பயன் இல்லை. நடிப்பவர் பழைய வசனத்தையே சொல்லிவிடுவார். ஒரு முழுத் துண்டாக எடுங்கள். டீக்கடைக் காட்சியில் ஒரே செய்தியை இரண்டு பேர் சொல்கிறார்களா? ஒருவர் போதும். எடுத்தபின் மறுபடியும் முழு ஒத்திகை நடத்தி அளந்து பாருங்கள்.

இதற்குப் பிறகும் ஒரு நாள் நேரம் நீளலாம். அதற்காக நாடகத்தின் நடுவில் இன்னும் ஒரு துண்டைக் கட்டம் கட்டி வையுங்கள். கடிகாரக்காரர் ஓர் அடையாளம் குறித்துக்கொள்வார். உதாரணமாக, முதல் பாட்டு முடியும்போது 12-ஆவது நிமிடம். ஒரு நாள் பாட்டு முடியும்போது 16 ஆகிவிட்டால் அவர் சிவப்புத் துணியைத் தூக்கிக் காட்டுவார். உடனே கட்டம் கட்டிய துண்டை விட்டுவிட்டு அடுத்த வசனத்துக்குப் போக வேண்டும். அந்த அடுத்த வசனம் எது, யார் சொல்வது என்று எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இதையும் ஒத்திகை பார்க்க வேண்டும். கடைசிக் காட்சியில் மட்டும் கை வைக்கக் கூடாது.

ஐந்தாம் படி: வழியில் ஆகும் நேரம்

நம் குழு ஒரே நாளில் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, வண்டித்தாவளம், மீனாட்சிபுரம் என்று நான்கு இடங்களுக்குப் போகிறது. ஓர் இடத்தில் இறங்கி, மைக் கட்டி, நாடகம் போட்டு, மறுபடி சாமான் ஏற்ற ஒரு மணி நேரம். அடுத்த இடத்துக்குப் போக அரை மணி நேரம். அப்படியானால் 3 மணி, 4.30, 6 மணி, 7.30 என்று நோட்டீசில் போடலாம் அல்லவா?

போட்டுப் பாருங்கள். முதல் இடத்தில் 10 நிமிடம் தாமதம். இரண்டாம் இடத்தில் இன்னொரு 10. மூன்றாம் இடத்திலும் 10. மீனாட்சிபுரம் போகும்போது 8 மணி. அங்கே மக்கள் அரை மணி நேரம் காத்திருந்திருப்பார்கள்.

ஒவ்வொரு பயணத்துக்கும் 10 நிமிடம் கூடுதலாகச் சேர்த்துவிட்டால்? 3 மணி, 4.40, 6.20, 8 மணி என்று வரும். தாமதம் ஆனாலும் மீனாட்சிபுரத்தில் 8 மணிக்கே போய் இறங்குவார்கள். இரண்டு கணக்கிலும் வண்டி வருவது 8 மணிக்குத்தான். ஆனால் இரண்டாவதில் யாரும் காத்திருக்கவில்லை.

தாமதம் இல்லாத நாளில் வண்டி முன்னதாகவே போய்விடும். அதற்காக நாடகத்தை முன்னதாகத் தொடங்கக் கூடாது. சொன்ன நேரத்துக்கு வருபவர் பாதி நாடகத்தை இழப்பார். பறை அடித்து, கூட்டம் சேர்க்கும் பாட்டுப் பாடுங்கள். அது நீண்டாலும் குறைந்தாலும் நஷ்டம் இல்லை.

8 மணிக்கு நாடகம் தொடங்கினால் மக்களுக்குக் கடைசி பஸ் கிடைக்காதா? அப்படியானால் மூன்று இடம் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். நான்காவது ஊருக்கு வேறொரு நாள் போகலாம்.

பயிற்சி

1. ஒரு நாடகத்தில் 1,400 சொற்கள் இருக்கின்றன. நடிக்கும் வேகம் நிமிடத்துக்கு 70 சொல். பாட்டு 5 நிமிடம். மொத்தம் எத்தனை நிமிடம்?

2. அந்த நாடகத்துக்கு ஒதுக்கிய நேரம் 24 நிமிடம். ஆறுக்கு ஒன்று என்று மிச்சம் வைத்தால் எத்தனை நிமிடம் குறைக்க வேண்டும்? எத்தனை சொற்களை எடுக்க வேண்டும்?

3. இந்தப் பாடத்தின் ஒரு பகுதியை ஒரு நிமிடம் உரக்கப் படியுங்கள். பக்கத்தில் இருப்பவர் கடிகாரம் பார்க்கட்டும். உங்கள் வேகம் என்ன?

விடை: 1. 25 நிமிடம். 2. மிச்சம் 4 நிமிடம். நாடகம் 20 நிமிடத்தில் முடிய வேண்டும். 5 நிமிடம், அதாவது 350 சொற்களை எடுக்க வேண்டும்.