தூங்கிப்போன கணக்கை மூடக் கடிதம்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மணலியில் ஒப்பந்த வேலைக்குச் சேரும்போது சம்பளத்துக்காகத் திறந்த கணக்கு, வேலையை விட்டதும் அப்படியே நின்றுவிடுகிறது. மாத்தூரில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் போன மாதம் அப்படி ஒரு பாஸ்புக்கை எடுத்துவந்தார். அவர் கடைசியாக ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தது 2019 மார்ச். மீதி 4,312 ரூபாய். "கணக்கை மூடி, பணத்தை என் இன்னொரு கணக்குக்கு அனுப்பவும்" என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்திருந்தார். கிளையில் கடிதத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள்.

காரணம் எளிது. வாடிக்கையாளர் இரண்டு ஆண்டுக்கு மேல் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாத சேமிப்புக் கணக்கு செயலற்றதாகிவிடும். வங்கி தானாக வரவு வைக்கும் வட்டி இதில் கணக்கில்லை. செயலற்ற கணக்கிலிருந்து பணம் வெளியே போக முடியாது. மூடும்போது மீதியை எடுத்து அனுப்புவதும் பணம் வெளியே போவதுதானே! அதனால் முதலில் கணக்கை உயிர்ப்பிக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

கோரிக்கையை வரிசையாக எழுதுங்கள்: உயிர்ப்பித்தல், வட்டி, மூடுதல், அனுப்புதல். அண்ணனுக்கு இரண்டாம் முறை எழுதிக் கொடுத்தது இது:

"மதிப்பிற்குரிய கிளை மேலாளர் அவர்களுக்கு, என் சேமிப்புக் கணக்கில் (எண் …) 2019 மார்ச்சுக்குப் பிறகு நான் வரவு செலவு செய்யவில்லை. இத்துடன் உள்ள கே.ஒய்.சி. ஆவணங்களைக் கொண்டு கணக்கை மீண்டும் செயல்படுத்தி, மூடும் நாள் வரையிலான வட்டியை வரவு வைத்து, கணக்கை மூடி, முழுத் தொகையையும் என் பெயரில் உள்ள கீழ்க்கண்ட கணக்குக்கு நெஃப்ட் மூலம் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்."

அதன்கீழ் புதிய கணக்கின் பெயர், எண், வங்கி, கிளை, ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு, கைபேசி எண், தேதி, கையெழுத்து. கூட்டுக் கணக்கு என்றால் எல்லோருடைய கையெழுத்தும் வேண்டும்.

புதிய கணக்கின் ரத்து செய்த காசோலையையோ பாஸ்புக் முதல் பக்க நகலையோ கட்டாயம் இணையுங்கள். நெஃப்டில் பணம் கணக்கு எண்ணைப் பார்த்துத்தான் வரவாகிறது. ஓர் இலக்கம் மாறினால் வேறொருவர் கணக்கில் போய் விழலாம்.

ஆதார், பான் நகல்களுடன் அசலையும் கொண்டுபோங்கள். அண்ணனின் பாஸ்புக்கில் எண்ணூர் முகவரி, ஆதாரில் மாத்தூர் முகவரி. "முகவரி மாறியுள்ளது, புதிய முகவரிச் சான்று இணைத்துள்ளேன்" என்று ஒரு வரி சேர்த்தோம். பழைய பாஸ்புக், மிச்சமுள்ள காசோலைத் தாள்கள், ஏ.டி.எம். கார்டு ஆகியவற்றை ஒப்படைத்து, அவற்றின் பட்டியலையும் கடிதத்திலேயே எழுதுங்கள்.

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் வங்கி முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜனவரி 1 அன்று ரிசர்வ் வங்கி விடுத்த சுற்றறிக்கைப்படி, எல்லாம் சரியாக உள்ள விண்ணப்பம் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் கணக்கை உயிர்ப்பிக்க வேண்டும். அந்த நாளை எண்ண முத்திரைத் தேதிதான் ஆதாரம். உயிர்ப்பிக்கக் கட்டணமும் கிடையாது.

செய்யக்கூடாதவை

"4,312 ரூபாயை அனுப்பவும்" என்று தொகையை எழுதாதீர்கள். செயலற்ற காலத்திலும் சேமிப்புக் கணக்குக்கு வட்டி உண்டு, ஆகவே பாஸ்புக்கில் உள்ள தொகை பழையது. "முழுத் தொகை, வட்டியுடன்" என்பதே சரி. பாஸ்புக்கில் பதிவு போட்டதும் ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். செயலற்ற கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் பிடிக்கக்கூடாது. பிடித்திருந்தால், அதைத் திரும்ப வரவு வைத்த பிறகு மூடும்படி கடிதத்தில் கேளுங்கள்.

இணைந்துவிட்ட வங்கியின் பழைய பெயருக்கு எழுதாதீர்கள். ஆந்திரா வங்கி யூனியன் வங்கியுடனும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியுடனும் 2020 ஏப்ரல் 1 அன்று இணைந்துவிட்டன. பாஸ்புக் அட்டையில் எந்தப் பெயர் இருந்தாலும், இப்போதுள்ள வங்கிக்கே கடிதம் போக வேண்டும்.

கேஸ் மானியமோ அரசு உதவித்தொகையோ அந்தக் கணக்கில் ஆதார் வழியாக இணைந்திருந்தால், புதிய கணக்குக்கு மாற்றாமல் மூடாதீர்கள். மூடிய கணக்குக்கு அனுப்பிய பணம் திரும்பிப் போய்விடும். அதைத் தேடி அலைவது இந்தக் கடிதத்தைவிடப் பெரிய வேலை.

கையெழுத்தைப் புதிதாகப் போடாதீர்கள். பத்தாண்டுக்கு முன் தமிழில் போட்டிருந்தால் இப்போதும் தமிழிலேயே போடுங்கள். மாறியிருந்தால் மேலாளர் முன்னிலையில் புதிய மாதிரிக் கையெழுத்தைக் கொடுங்கள்.

"இருக்கட்டும், பிறகு பார்ப்போம்" என்று பத்தாண்டு கடத்தாதீர்கள். அப்போது தொகை ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்குப் போய்விடும். அங்கிருந்தும் உங்கள் வங்கி வழியாகக் கேட்டு வாங்கலாம், ஆனால் நடை கூடும். அண்ணனுக்கு அந்தக் கெடு 2029 மார்ச்.

கடிதம் கொடுத்து 30 நாளாகியும் பதில் இல்லையென்றால், அல்லது பதில் திருப்தியில்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம். முத்திரையிட்ட அந்தப் பிரதியைப் புகாருடன் இணைத்துவிடுங்கள்.