கடையிலேயே சார்ஜரைச் சோதிப்போம்

சார்ஜர் வாங்கப் போகிறீர்களா? உங்கள் செல்போனையும், நன்றாக வேலை செய்யும் அதன் வயரையும் கொண்டு செல்லுங்கள். போனில் சார்ஜ் பாதிக்கும் குறைவாக இருக்கட்டும். பேட்டரி நிறையும் நேரத்தில் போன் மின்சாரம் வாங்குவதைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போது நல்ல சார்ஜர் எது, மட்டமானது எது என்று தெரியாது.

சார்ஜரின் மேல் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். அதில் 'அவுட்புட்' என்ற வரியைத் தேடுங்கள். 5 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருந்தால், இரண்டையும் பெருக்குங்கள். 10 வாட். இது சார்ஜர் தருவதாகச் சொல்லும் சக்தி. உண்மையில் தருகிறதா? போன்தான் அதைச் சொல்லும்.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் மின்னணுப் பொருள் கடைகள் நிறைய உண்டு. எங்கள் மையத்துக்கு வரும் அக்கா ஒருவர் அங்கே ஒரு கடைக்குப் போனார். அவர் போனின் பேட்டரி 5,000 மில்லி ஆம்பியர் மணி. சார்ஜ் 32 சதவீதம். 10 வாட் சார்ஜரைச் சொருகி, திரையை அணைத்துவிட்டு, 10 நிமிடம் காத்திருந்தார். 34 ஆனது.

"ஏறுதே, அப்புறம் என்னம்மா?" என்றார் கடைக்காரர்.

"10 நிமிஷத்துக்கு 2 தான் ஏறுது அண்ணா. முழுசா ஏற 8 மணி நேரத்துக்கு மேல ஆகுமே! வேற காட்டுங்க."

அதே வயரில் அடுத்த சார்ஜர். 10 நிமிடத்தில் 34 என்பது 40 ஆனது. இந்த அளவு பேட்டரிக்கு 10 வாட் சார்ஜர் 6 அல்லது 7 ஏற்ற வேண்டும். அக்காவின் கணக்கு சரி. (33 வாட் போன்ற வேக சார்ஜர்களுக்கு இக்கணக்கு பொருந்தாது. அந்த வேகம் வர, போனும் வயரும் அதற்கு ஏற்றவையாக இருக்க வேண்டும்.)

சார்ஜ் ஏறும்போதே திரையில் ஒரு எண்ணை அழுத்திப் பாருங்கள். தொடாமலே திரை நகர்ந்தாலோ, ஒன்றைத் தொட வேறொன்று திறந்தாலோ, சார்ஜரிலிருந்து வரும் மின்சாரம் சீராக இல்லை. அது வேண்டாம். பிறகு சார்ஜரைத் தொடுங்கள். இளஞ்சூடு இயல்பு. கையில் பிடிக்க முடியாத சூடும், கருகல் வாடையும் ஆபத்து.

இந்தச் சோதனைக்கு எட்டாத ஒன்று உண்டு. வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அது போனுக்குப் பாயாமல் தடுக்கும் காப்பு சார்ஜருக்கு உள்ளே இருக்கிறது. அதை வெளியிலிருந்து பார்க்க முடியாது. அதனால் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையைப் பாருங்கள். அதனுடன் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தும் 8 இலக்க எண்ணும் இருக்கும். போனில் BIS Care செயலியைத் திறந்து அந்த எண்ணைப் போடுங்கள். எண் இல்லை என்று வந்தாலும், வேறு பிராண்டின் பெயர் வந்தாலும் அந்தச் சார்ஜர் வேண்டாம்.

பில்லில் சார்ஜரின் மாடல் எண்ணை எழுதச் சொல்லுங்கள். எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார் என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள்.