மார்ச் பில், ஏப்ரல் கிரெடிட் நோட்

கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த தம்பிக்கு,

பொய்க் கணக்கு பெரும்பாலும் ஒரு சாதாரண வேலையின் நடுவில்தான் கண்ணில் படும். கோவைப் பக்கம் பம்பு உதிரிபாகம் செய்யும் சிறிய பிரைவேட் லிமிடெட் நிறுவனம் ஒன்றை உதாரணமாக வைத்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை அங்கே ஒரு கணக்கு எழுத்தர் ஏப்ரல் மாதக் கிரெடிட் நோட்டுகளைச் சரிபார்க்கிறார். ஒன்பது நோட்டுகள் ஒன்பது பில்களை முழுதாக ரத்து செய்கின்றன. எல்லாப் பில்லும் மார்ச் 29 முதல் 31 வரையிலான தேதியில் போட்டவை. மொத்தம் ரூ.46 லட்சம்.

இதை வைத்து மட்டும் மோசடி என்று சொல்லிவிட முடியாது. சரக்கு உண்மையாகவே திரும்பி வந்திருக்கலாம், விலை தவறிப் பில் மாற்றிப் போட்டிருக்கலாம். ஆகவே செவ்வாய்க்கிழமை முழுக்கப் பேப்பர் தேடுவதில் போகிறது. பில் கம்ப்யூட்டரில் பிறப்பது, சரக்கு வாசல் வழியாகப் போவது. ஒவ்வொரு பில்லும் சுமார் ஐந்து லட்சம் என்பதால் லாரியில் ஏற்றியிருந்தால் இ-வே பில் இருந்தாக வேண்டும். அது இல்லை. லாரி ரசீதும் இல்லை. செக்யூரிட்டியின் கேட் ரிஜிஸ்டரில் மார்ச் 30 பக்கத்தில் இரண்டு வண்டி எண்கள்தான் இருக்கின்றன. இரண்டும் வேறு பார்ட்டிக்குப் போனவை. ஏப்ரலில் சரக்கு திரும்பி உள்ளே வந்ததற்கான வரியும் கிடையாது. போகாத சரக்கு திரும்பியும் வராது.

எதற்காக இது என்பது வங்கிக்குப் போன மார்ச் மாத ஸ்டாக் ஸ்டேட்மெண்டைப் பார்த்தால் புரியும். வர வேண்டிய பாக்கியில் 25 சதவீதம் கழித்துக்கொண்டு மீதிக்கு சிசி லிமிட்டில் பணம் எடுக்க வங்கி அனுமதிக்கிறது என்றால், இல்லாத 46 லட்சம் 34.5 லட்சம் ரூபாயைக் கையில் தருகிறது. ஏப்ரலில் பில் ரத்தானதும் அந்த இடம் காலியாகும். அதை அடைக்க வேறு பில் போட்டாக வேண்டும், இந்த முறை வட்டியையும் சேர்த்து.

புதன்கிழமை எதையும் தேடாமல் கழிகிறது. அந்த எழுத்தருடைய தங்கை கல்யாணத்துக்குச் சம்பள அட்வான்ஸ் கொடுத்தவர் அந்த முதலாளி. ஆர்டர் குறைந்த வருஷத்திலும் ஒருவரையும் வேலையை விட்டு அனுப்பாதவர். அந்த நன்றி பொய்யானதல்ல. ஆனால் கடன் தனி மனிதருக்கு, கையெழுத்து கணக்குக்கு. வேர்ல்ட்காம் நிறுவனத்தில் பெட்டி வின்சன் என்ற கணக்கு அலுவலர் 2000-ஆம் ஆண்டு இதே இடத்தில்தான் நின்றார். முதல் பொய்ப் பதிவுக்குப் பிறகு ராஜினாமா செய்ய நினைத்தவரை, இனி இப்படி நடக்காது என்று மேலதிகாரிகள் சமாதானப்படுத்தினார்கள். அவர் தங்கிவிட்டார், பதிவுகளும் காலாண்டுக்குக் காலாண்டு தொடர்ந்தன. 2005-இல் அவருக்கு ஐந்து மாதச் சிறையும் ஐந்து மாத வீட்டுக்காவலும் கிடைத்தன.

வியாழக்கிழமை கணக்கு மேனேஜரிடம் கேள்வியாகவே கேட்கப்படுகிறது: “சார், இந்த ஒன்பது பில்லுக்கும் டெலிவரி சலான் எங்கே இருக்கு?” பதில், “வருஷக் கடைசி அட்ஜஸ்ட்மெண்ட்தான்ப்பா. பழைய தேதி போட்டு நீயே ஒன்பது சலான் ரெடி பண்ணிடு.” அதுவரை பார்த்தவராக இருந்தவர் இனி செய்தவராக மாறும் இடம் இது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 344-ஆவது பிரிவு, ஏமாற்றும் நோக்கத்தோடு கணக்கைத் திரிப்பவருக்கு ஏழு ஆண்டு வரை சிறை என்கிறது. அதில் முதலில் வரும் சொல்லே எழுத்தர். அதிகாரி அதற்குப் பிறகுதான். சொன்னதைச் செய்தேன் என்பதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

வெள்ளிக்கிழமை அவர் சலான் போட மறுக்கிறார். மறுப்பைக் கடிதமாக மேனேஜருக்கும் முதலாளிக்கும் கொடுக்கிறார். பில் எண், தேதி, எந்தப் பதிவேட்டில் எது இல்லை என்பது மட்டும் அதில் இருக்கிறது. மோசடி என்ற சொல் இல்லை, வங்கியைப் பற்றிய ஊகமும் இல்லை. கம்பெனியின் அசல் பேப்பர் எதையும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை.

சனிக்கிழமை ஆடிட்டரிடம் போகிறார். இங்கே ஓர் எல்லை உண்டு. ஒரு கோடியும் அதற்கு மேலும் உள்ள மோசடியைத்தான் ஆடிட்டர் மத்திய அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். 46 லட்சம் இயக்குநர் குழுவுக்குத்தான் போகும், குழுவிலோ அதே முதலாளி இருக்கிறார். புகார் சொல்பவரைக் காக்கும் உள் ஏற்பாட்டைக் கம்பெனிச் சட்டம் பட்டியலிட்ட கம்பெனிகள், பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கியவை, ரூ.50 கோடிக்கு மேல் வங்கிக் கடன் உள்ளவை ஆகியவற்றுக்குத்தான் கட்டாயமாக்குகிறது. ஆகவே வேலை போகலாம் என்பதைத் தெரிந்தே அவர் போகிறார். ஆனாலும் அது வீண்போவதில்லை: இல்லாத பாக்கியைத் தெரிந்துகொண்டே ஆடிட்டர் சுத்தமான அறிக்கை தர முடியாது.

2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் எடிட் லாக் கட்டாயம். எந்தப் பதிவை எந்த லாகின் எப்போது மாற்றியது என்பது அதில் நிற்கும், அழிக்க முடியாது. அதனால் தம்பி, பாஸ்வேர்டை மேனேஜர் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.